குளோஸ் தேர்வும் சொல்வதை எழுதுதலும்: எழுத்துப்பிழையை இலக்கணப்பிழையிலிருந்து பிரித்தறிதல்

வில்சன் டெய்லர் 1953இல் குளோஸ் முறையை முன்வைத்தபோது, ஒரு பகுதி படிக்க எளிதா கடினமா என்று அளப்பதே அவர் நோக்கமாக இருந்தது. அதற்கு ஐந்தாம் சொல், ஏழாம் சொல் என எண்ணி நீக்குவது போதும். வகுப்பின் இலக்கணத் தேர்ச்சியை அறிய விரும்பும் ஆசிரியருக்கு அது உதவாது. எண்ணி நீக்கும்போது ஊர்ப்பெயரும் ஆண்டும் இடைவெளியாகிவிடும். பாடத்தில் நடத்திய இறந்தகால வினையோ ஒன்றிரண்டுதான் அகப்படும்.

ஆகவே சோதிக்க வேண்டிய சொற்களையே தேர்ந்து நீக்க வேண்டும். தமிழ்வழி ஆறாம் வகுப்புக்கு 150 சொற்களில் ஓர் ஆங்கிலக் கதைப்பகுதி எடுத்துக்கொண்டால், சூழல் விளங்க முதல் இரு வாக்கியங்களைத் தொடாமல் விடலாம். பிறகு ஐந்து இறந்தகால வினைகளையும் ஐந்து ஆர்ட்டிகிள்களையும் நீக்கலாம். தமிழில் ஆர்ட்டிகிளுக்கு நேரான வகை இல்லாததால் மாணவர் அதை அடிக்கடி விட்டுவிடுகின்றனர். வினைக்கான இடைவெளிக்கு அருகே அதன் மூல வடிவத்தைத் தர வேண்டும். தராவிட்டால் அது சொல்வளத் தேர்வாக மாறிவிடும். தாளை முதலில் சக ஆசிரியர்கள் நிரப்பிப் பார்க்க வேண்டும். அவர்களே வெவ்வேறு விடை எழுதும் இடம் மாணவருக்கு உரியதல்ல. இத்தாளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது.

எழுத்தைச் சோதிப்பது சொல்வதை எழுதுதலின் வேலை. பகுதியை ஒருமுறை இயல்பாகவும், அடுத்து நிறுத்தி நிறுத்தியும், மீண்டும் இயல்பாகவும் படிப்பது வழக்கம். நிறுத்தங்களுக்கிடையே ஐந்து முதல் எட்டுச் சொற்கள் வர வேண்டும். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னால் மாணவர் ஒலியை மட்டுமே எழுதுவர். தொடராகச் சொன்னால்தான் நினைவில் வைத்து, இலக்கணத்தின் துணையோடு எழுத நேரும்.

‘வாக்ட் டு ஸ்கூல்’ என்ற தொடரில் இறந்தகால ஒலி அடுத்த சொல்லின் முதலொலியோடு கலந்து மறைகிறது. ‘வாக்ட் எவே’ என்பதில் அது தெளிவாகக் கேட்கிறது. இரண்டையும் ஒரே பகுதியில் வைத்தால் பிழையின் வேர் தெரியும். இரண்டு இடத்திலும் ஈ-டி சேர்த்து எழுதியவர் காதால் கேளாததை இலக்கணத்தால் நிரப்பியிருக்கிறார். டி என்ற எழுத்தை மட்டும் சேர்த்தவருக்குக் காலம் தெரிகிறது. எழுத்துக்கூட்டல் விதிதான் வரவில்லை. முதல் இடத்தில் மட்டும் ஈற்றை விட்டவர் செவியை நம்பியவராகலாம். அவரது குளோஸ் தாளில் இறந்தகால வினைகள் சரியாக இருந்தால் பயிற்சி தேவைப்படுவது கேட்டலில். அங்கும் தவறெனில் இலக்கணத்தில். இவற்றை ஒரே சிவப்பு மையில் சுழித்துக் கூட்டிவிட்டால் இந்த வேறுபாடு அழிந்துபோகும். எனவே எழுத்து, இலக்கணம் என இரு பத்திகளில் பிழைகளைக் குறிப்பது நல்லது.

பருவ இறுதியில் அதே பகுதியைத் திரும்பத் தந்தால் நினைவாற்றல்தான் வெளிப்படும். புதிய பகுதி எளிதாக அமைந்துவிட்டாலோ, இல்லாத முன்னேற்றம் தோன்றும். இரு பகுதிகளைத் தயாரித்து, வகுப்பின் ஒரு பாதிக்கு முதலாவதையும் மறுபாதிக்கு இரண்டாவதையும் தொடக்கத்தில் கொடுத்து, இறுதியில் மாற்றிக் கொடுத்தால் இச்சிக்கல் பெரிதும் குறையும். ஒரு வகைக்கு ஐந்து இடைவெளிகளே இருப்பதால், கிடைக்கும் முடிவைக் கொண்டு வகுப்பைப் பற்றிப் பேசலாம். ஒரு தனி மாணவர் தேறினாரா என்று தீர்ப்பளிக்க அது போதாது.