தொழில்வரியும் அதன் உச்சவரம்பும்

இந்தியாவின் பல மாநிலங்களில் மாதச் சம்பளம் வாங்குவோரின் சம்பளச் சீட்டைப் பார்த்தால், கழிவுகளின் வரிசையில் 'தொழில்வரி' என்று ஒரு சிறு தொகை குறிக்கப்பட்டிருக்கும். நம் நாட்டில் ஊழியர் சேமநிதிக்குப் பிடிக்கப்படும் பணம் முதுமையில் நமக்கே திரும்பி வருகிறது. தொழில்வரி அவ்வாறு திரும்பி வருவதன்று. நடுவண் அரசு வாங்கும் வருமான வரியும் அதுவன்று. மாநில அரசோ, நகராட்சியோ, ஊராட்சியோ வாங்கிக்கொள்ளும் தனி வரி அது. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் இதனை எவரிடமும் வாங்க இயலாது. சென்னையில் மாதம் 13,000 ரூபாய் சம்பளம் பெறும் எழுத்தரும் இரண்டு இலட்சம் பெறும் மேலாளரும் கட்டும் தொழில்வரி ஒன்றே. இந்த விந்தை எங்ஙனம் நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழிலுக்கு வரி விதிப்பது தமிழகத்திற்குப் புதிதன்று. பல்லவர் செப்பேடுகளிலும் சோழர் கல்வெட்டுகளிலும் தறிக்கும் செக்குக்கும் இறை உண்டு. வண்ணாரப்பாறை, குசக்காணம் என வண்ணாரும் குயவரும் இறுத்த வரிகளும் உண்டு. அவற்றில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உளது. அன்று கணக்கெடுக்கப்பட்டது தொழிலாளி ஈட்டிய பொருளன்று, அவன் கையாண்ட கருவி. தறியை எண்ணலாம், செக்கை எண்ணலாம். ஒருவன் எவ்வளவு சம்பாதித்தான் என்பதை எண்ணுவது அரிது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 'மொத்துர்பா' என்ற பெயரால் வாங்கப்பட்ட தொழில்வரியும் இதே வழியில்தான் சென்றது. நெசவாளர், தச்சர், உலோக வேலை செய்வோர், சிறு கடைக்காரர் என எவரையும் அது விடவில்லை. காஜுலு இலட்சுமிநரசு செட்டியார் முன்னின்று நடத்திய சென்னைச் சுதேசிச் சங்கம் 1852ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் இந்த வரியின் கொடுமையும் ஒரு முறையீடாக இடம்பெற்றது. மிக மலிவான கருவியை வைத்துப் பிழைப்பவனும் வரிக்குத் தப்பவில்லை என்பதே அவர்கள் குறை. 1860இல் வருமான வரி வந்ததையொட்டி மொத்துர்பா மறைந்தது.

மறைந்த வரி வேறு உருவில் நகரங்களுக்குள் நுழைந்தது. தெருவிளக்கு, குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்குப் பணம் வேண்டியிருந்த நகரசபைகளுக்குத் தொழில்வரி விதிக்கும் உரிமை தரப்பட்டது. 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிச் சட்டமும் அவ்வுரிமையை வகைப்படுத்தின. அரையாண்டில் மொத்தம் அறுபது நாளேனும் நகராட்சி எல்லைக்குள் தொழில் செய்தவன் அந்த அரையாண்டுக்கு வரி கட்டவேண்டும். வருமானத்தை வகுப்புகளாகப் பிரித்து ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தொகை. கருவியை எண்ணிய காலம் போய், வருமானத்தை எண்ணும் காலம் வந்துவிட்டது. கடைக்காரனின் வருமானம் ஊகம். வக்கீலின் வருமானம் அவருக்கு மட்டுமே தெரியும். சம்பளக்காரனின் வருமானமோ ஏட்டில் மையால் எழுதப்பட்டிருந்தது. தொழில்வரியின் சுமை நாளடைவில் சம்பளக்காரர் மீதே மிகுதியாக விழுந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை என்பது என் கருத்து.

இங்கே வழக்கு எழுந்தது. வருமானத்தைப் பார்த்து விதிக்கப்படும் வரி வருமான வரிதானே? 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் வருமான வரியை மத்திய அரசுக்கும், தொழில், வணிகம், வேலை ஆகியவற்றின் மீதான வரியை மாகாணங்களுக்கும் ஒதுக்கியிருந்தது. இந்த ஒதுக்கீட்டைப் பயன்படுத்தி, கோவிந்த வல்லப பந்த் தலைமையிலிருந்த ஐக்கிய மாகாணக் காங்கிரஸ் அமைச்சரவை 1939இல் வேலைவரி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. சிறு சம்பளக்காரரை விட்டுவிட்டு, சம்பளம் ஏற ஏற வரியும் ஏறும்படி அது அமைந்திருந்தது. மாகாணத்தில் பெருஞ்சம்பளம் வாங்கியவர்களுள் ஆங்கில அதிகாரிகள் பலர் இருந்தனர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இது பெயரை மாற்றிக்கொண்டு வந்த வருமான வரியே என்று கூக்குரல் எழுந்தது.

பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1940இல் தலையிட்டது. இந்திய அரசுச் சட்டத்தில் 142-ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்த்தது. அப்பிரிவு ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்கியது. தொழில்வரி வருமானத்தைப் பற்றியது என்ற காரணத்தால் மட்டும் அது செல்லாததாகாது என்றது. மாகாணங்களுக்கு அது வெற்றி. ஆனால் ஒருவரிடம் ஆண்டுக்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது என்று அடுத்த வரியிலேயே வேலி கட்டியது. முன்பிருந்தே அதற்கு மேல் வாங்கிவந்த இடங்களுக்கு மட்டும் விலக்களித்தது. பெருஞ்சம்பளத்திலிருந்து மிகுதியாக வாங்கவேண்டும் என்ற மசோதாவின் உயிர்நாடி அந்த 50 ரூபாயில் அறுந்தது.

விடுதலைக்குப் பின் வகுக்கப்பட்ட அரசியலமைப்பு இந்த ஏற்பாட்டை அப்படியே மரபுரிமையாகப் பெற்றது. அதன் 276ஆம் உறுப்பைப் படிப்போர், 142-ஏ பிரிவின் சொற்களே மீண்டும் ஒலிப்பதைக் காண்பர். 50 என்ற எண் மட்டும் 250 ஆயிற்று. விலைவாசி ஏறியபின் 1988இல் அறுபதாம் திருத்தம் அதனை 2,500 ஆக்கியது. அதன்பின் அந்த எண் மாறவில்லை. சட்டமன்றம் நினைத்தால் மாற்றக்கூடிய எண்ணும் அன்று அது. பாராளுமன்றத்தின் ஈரவைகளும் தனிப்பெரும்பான்மையால் அரசியலமைப்பைத் திருத்தினாலொழிய ஒரு ரூபாயும் கூடாது.

மாநிலங்கள் இந்த வேலிக்குள் நின்று தத்தம் வழியில் வரி வாங்குகின்றன. மகாராட்டிரம் 1975இல் தனிச்சட்டம் இயற்றி, வேலை உறுதித் திட்டத்துக்குப் பணம் திரட்ட இவ்வரியைப் பயன்படுத்தியது. அங்கே மேல்வகுப்பினரிடம் மாதம் 200 ரூபாய் பிடிக்கிறார்கள்; பிப்ரவரியில் மட்டும் 300 ரூபாய். பிப்ரவரிக்கு என்ன தனிச்சிறப்பு என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் திகைப்பதுண்டு. பதினொரு மாதத்துக்கு 2,200, அதனோடு 300 சேர்ந்தால் 2,500, அவ்வளவே மர்மம்! கருநாடகம், குஜராத், மேற்கு வங்கம் ஆகியனவும் மாநில அரசே வாங்கும் முறையைக் கொண்டன. தமிழ்நாடு 1992இல் அவ்வழியை மேற்கொண்டு, 1998இல் வரியை மீண்டும் உள்ளாட்சிகளிடமே ஒப்படைத்தது. ஆகவே இன்று சென்னையில் வேலை செய்பவரின் தொழில்வரி மாநகராட்சிக்கும், சிற்றூர்ப் பள்ளியில் கற்பிக்கும் ஆசிரியரின் வரி அவ்வூர் ஊராட்சிக்கும் போகிறது. குடியிருக்கும் ஊர் கணக்கில்லை. வேலை செய்யும் இடமே கணக்கு.

வரி எவ்வாறு போய்ச் சேர்கிறது என்பதையும் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றோர் அரையாண்டு. அலுவலகத் தலைவரோ முதலாளியோ ஒவ்வோர் ஊழியரின் அரையாண்டுச் சம்பளத்தையும், படிகளையும் சேர்த்துக் கூட்டிப் பட்டியல் எழுதுகிறார். அத்தொகை எந்த வகுப்பில் விழுகிறதோ அதற்குரிய வரியை, வழக்கமாக ஆகஸ்ட் மாதச் சம்பளத்திலும் சனவரி மாதச் சம்பளத்திலும் பிடித்து, அரையாண்டு முடிவதற்குள் பட்டியலோடு உள்ளாட்சியிடம் கட்டிவிடுகிறார். பிடிக்கவேண்டியதைப் பிடிக்காமலோ, பிடித்ததைக் கட்டாமலோ விட்டால் பொறுப்பு முதலாளியுடையது. வக்கீல், மருத்துவர், வணிகர் போன்று தம் தொழிலைத் தாமே நடத்துவோர் தாமே நேரில் கட்டவேண்டும். படையில் பணிபுரிவோருக்கும், சட்டம் குறிக்கும் உடற்குறை உடையோருக்கும் விலக்கு உண்டு.

ஊழியர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அரையாண்டின் நடுவே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும் ஆசிரியரிடம், பழைய பள்ளியில் ஆகஸ்டில் பிடித்த பிறகும் புதிய பள்ளியில் மறுபடி கேட்பார்கள். ஒரே அரையாண்டுக்கு ஓர் உள்ளாட்சியிடம் கட்டியதை மெய்ப்பித்தால் மற்றோர் உள்ளாட்சிக்குக் கட்டவேண்டியதில்லை என்பது சட்டம். மெய்ப்பிப்பதற்குச் சம்பளச் சீட்டு மட்டும் போதாமற்போகலாம். பிடித்த பணம் உள்ளாட்சிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை அது சொல்லாது. பழைய அலுவலகம் கட்டிய பட்டியலின் படியையும் இரசீது எண்ணையும் கேட்டு வாங்கி வைத்திருப்பவருக்குத் தொல்லையில்லை.

இனி உச்சவரம்பு செய்யும் வேலையைச் சென்னைக் கணக்கில் காண்போம். ஒரு தனியார் பள்ளியில் மாதம் 9,000 ரூபாய் பெறும் உதவியாளரின் அரையாண்டு வருமானம் 54,000 ரூபாய். அவர் 45,001 முதல் 60,000 வரையிலான வகுப்பில் விழுகிறார். அவ்வகுப்புக்கு அரையாண்டு வரி 690 ரூபாயாக இருந்தது. 2024இல் மாநகராட்சி வரியை உயர்த்தியபோது அது 930 ஆயிற்று. அடிமட்டத்தில் 21,001 முதல் 30,000 வரை பெறுவோரின் வரியும் 135இலிருந்து 180 ஆயிற்று. ஆனால் 75,000 ரூபாய்க்கு மேற்பட்ட வகுப்பின் வரி 1,250 ரூபாயிலேயே நின்றது. இரண்டு அரையாண்டு சேர்ந்தால் 2,500 ஆகிவிடுவதால் அதற்கு மேல் செல்ல இடமில்லை. பணம் கூடுதலாக வேண்டிய மாநகராட்சிக்குக் கைநீட்ட எஞ்சியிருந்தது கீழ்ப்படிகளே.

அந்த உதவியாளர் ஆண்டுக்குக் கட்டும் 1,860 ரூபாய் அவருடைய 1,08,000 ரூபாய் வருமானத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.7 ஆகும். மாதம் இரண்டு இலட்சம் பெறும் மேலாளர் கட்டும் 2,500 ரூபாயோ அவருடைய 24 இலட்சத்தில் நூற்றுக்கு 0.1 மட்டுமே. அதாவது எளியவரின் சுமை விகிதத்தில் பதினாறு மடங்குக்கு மேல். ஏற ஏறக் கூடவேண்டும் என்று 1939இல் எழுதப்பட்ட வரி, ஏற ஏறக் குறையும் வரியாக உருமாறி நிற்கிறது. நகராட்சிகள் தம் விருப்பத்தால் இவ்வாறு செய்தன என்று பழிப்பது முழு நியாயமன்று. கீழ்வகுப்புகளைத் தொடாமலிருக்கும் உரிமை அவற்றுக்கு உண்டு, மேல்வகுப்பைத் தொடும் உரிமையோ இல்லை.

நடுவண் அரசு அமைத்த நிதி ஆணையங்கள் இந்த உச்சவரம்பை உயர்த்தவேண்டும் என ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்துள்ளன. பதினைந்தாம் நிதி ஆணையமும் அதனையே கூறிற்று. உயர்த்தினால் மேலாளரிடம் கூடுதலாக வாங்கவும், உதவியாளரைக் குறைந்த வரியில் விடவும் வழி பிறக்கும். ஆயினும் சம்பளக்காரர் எல்லாருக்கும் வரி கூடும் என்ற அச்சம் அரசியல்வாதிகளைத் தயங்கவைக்கிறது. இந்த உச்சவரம்பு பிறக்கக் காரணமாயிருந்த ஐக்கிய மாகாணம், இன்றைய உத்தரப் பிரதேசம், இன்று தன் சம்பளக்காரர்களிடம் தொழில்வரி வாங்குவதில்லை. அவ்வரம்பின் கணக்கு, வரி வாங்கும் மற்ற மாநிலங்களின் சம்பளச் சீட்டுகளில் இன்றும் எழுதப்பட்டு வருகிறது.