குறும்படத்தில் காலக்கழிவும் மாண்டேஜும்: மாறாப் பொருளும் மீளா மாற்றமும் (1928–2000)

ஆய்வுச்சுருக்கம்

சில நிமிடங்களே ஓடும் குறும்படம் பல ஆண்டுகளின் கடப்பைப் பார்வையாளர் குழம்பாத வகையில் காட்டுவது எவ்வாறு என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 1928, 1929, 2000 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று குறும்படங்களும், அவற்றுக்கு இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்த ‘சிட்டிசன் கேன்’ (1941) முழுநீளப் படத்தின் ஒரு காட்சித் தொடரும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மாறாத ஒன்றன் மீது மீளாத மாற்றம் நிகழும்போதே மாண்டேஜ் காலமாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: மாண்டேஜ், குறும்படம், காலக்கழிவு, படத்தொகுப்பு, இடமாற்றச் சோதனை.

முன்னுரை

மாண்டேஜ் என்னும் பிரெஞ்சுச் சொல் பகுதிகளைப் பொருத்திச் சேர்த்தல் என்று பொருள்படும். 1920களின் சோவியத் திரைப்படக் கோட்பாட்டில், துண்டுக் காட்சிகளை இணைத்தும் மோதவிட்டும் புதிய கருத்தை உருவாக்கும் முறையை அது குறித்தது. 1930களின் ஹாலிவுட்டில் அச்சொல்லின் பொருள் சுருங்கிற்று. நீண்ட காலத்தில் நிகழ்ந்தவற்றைச் சில வினாடிகளில் தொகுத்துரைக்கும் காட்சித் தொடரே அங்கு மாண்டேஜ் எனப்பட்டது. நாட்காட்டித் தாள்கள் உதிர்வதும், செய்தித்தாள் தலைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றுவதும் அதன் வழக்கமான அடையாளங்களாயின. இக்கட்டுரை இவ்விரண்டாம் பொருளிலேயே அச்சொல்லைக் கையாளுகிறது.

முழுநீளப் படத்தின் பார்வையாளர், மாண்டேஜ் வருவதற்குள் கதைமாந்தரோடு அரைமணி நேரமாவது பழகியிருப்பார். குறும்படத்திற்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒருவரை அறிமுகப்படுத்திய சில வினாடிகளிலேயே அவரை முதுமைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருப்பதால், அடுத்த காட்சியில் தோன்றுபவர் அதே ஆள்தானா, இடையில் கழிந்தது நாளா ஆண்டா என்னும் ஐயங்கள் எளிதில் எழுகின்றன. இவ்வையங்கள் எங்கு எழுகின்றன என்பதைக் கண்டறிய இக்கட்டுரை ஓர் எளிய அளவுகோலைக் கையாளுகிறது. தொடரிலுள்ள இரு துண்டுகளை மனத்தளவில் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றியது தெரியவில்லையெனில் அத்துண்டுகள் முன்பின் என்னும் வரிசையைச் சொல்லவில்லை என்பது பொருள். இதனை இடமாற்றச் சோதனை எனக் கொள்ளலாம்.

மறுப்பின் அடுக்கு: 1928

ராபர்ட் ஃப்ளோரே, ஸ்லாவ்கோ வொர்காபிச் ஆகியோர் இணைந்து உருவாக்கிய ‘தி லைஃப் அண்ட் டெத் ஆஃப் 9413: எ ஹாலிவுட் எக்ஸ்ட்ரா’ என்னும் குறும்படம் 1928இல் வெளிவந்தது. அட்டை, காகிதம் முதலியவற்றால் செய்த சிற்றுருக்களைக் கொண்டு மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம் அது. நடிகனாகும் கனவோடு ஹாலிவுட் வரும் ஒருவனின் நெற்றியில் 9413 என்னும் எண் எழுதப்படுகிறது. அவன் மீண்டும் மீண்டும் வேலை கேட்கிறான். இன்று வேலை இல்லை என்னும் ஒரே மறுமொழி மீண்டும் மீண்டும் வருகிறது. இறுதியில் அவன் வறுமையில் இறக்கிறான்.

நெற்றியிலுள்ள எண் இப்படத்தில் மாறாப் பொருளாக நிற்கிறது. எத்தனை விரைவாகக் காட்சிகள் மாறினாலும் திரையில் இருப்பவன் யார் என்பதில் ஐயம் எழுவதில்லை. ஆளடையாளம் பற்றிய சிக்கலை இப்படம் இவ்வாறு தீர்த்துக்கொள்கிறது. ஆனால் கால அளவு பற்றிய சிக்கல் தீரவில்லை. ஒரே மறுமொழி அடுக்கி வருவதால் அது பலமுறை நிகழ்ந்தது என்பது விளங்குகிறது. வாரங்களா ஆண்டுகளா என்பது விளங்குவதில்லை. மறுப்புகளுள் இரண்டை இடம் மாற்றினால் வேறுபாடு தோன்றாது. அவனது தளர்ச்சி ஒன்றே தொடருக்குத் திசை தருகிறது. திரும்ப நிகழ்தல் காலத்தின் நீட்சியை உணர்த்துமேயன்றி அதன் அளவை உணர்த்தாது என்பதை இப்படம் காட்டுகிறது. அதன் கதைக்கு அளவு தேவைப்படவும் இல்லை. காத்திருப்பவனுக்கு எல்லா நாளும் ஒரே நாள் என்பதே அது சொல்ல வந்தது.

எண் சொல்லும் அட்டைகள்: 1929

லூயிஸ் புனுவல், சல்வதோர் தாலி ஆகியோரின் ‘அன் ஷியன் ஆந்தலூ’ (1929) இதற்கு நேர்மாறான சான்றாகும். மௌனப்படங்களில் காலத்தை அறிவிக்க வழங்கிய எழுத்து அட்டைகளை அது வேண்டுமென்றே தவறாகப் பயன்படுத்துகிறது. படத்தின் தொடக்கத்தில் ஒரு பெண்ணின் கண் சவரக்கத்தியால் அறுக்கப்படுகிறது. அடுத்து எட்டு ஆண்டுகள் கழிந்ததாக அட்டை அறிவிக்கிறது. ஆனால் அதே பெண் கண்ணில் வடுவின்றி, வயதில் மாற்றமின்றி அறையில் அமர்ந்திருக்கிறாள். பின்னர்ப் பதினாறு ஆண்டுகளுக்கு முன் என்னும் அட்டை, நடந்துகொண்டிருக்கும் ஒரு காட்சியின் நடுவில் வருகிறது. அதன் பின்னும் அதே அறையில் அதே மனிதர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றனர்.

இக்குழப்பம் படைப்பாளிகளின் நோக்கம், அவர்களது பிழையன்று. எனினும் படத்தொகுப்பு பயில்வோருக்கு அது ஒரு தெளிவைத் தருகிறது. அட்டை அறிவிக்கும் ஆண்டுக்கணக்கைப் படிமம் ஏற்று நடக்கவில்லையெனில், பார்வையாளர் படிமத்தையே நம்புகிறார். 1928ஆம் ஆண்டுப் படத்தில் நீட்சி உண்டு, அளவு இல்லை. இதில் அளவு உண்டு, நீட்சி இல்லை. சில ஆண்டுகளுக்குப் பிறகு என்று எழுதிக்காட்டிவிட்டு அதே உடை, அதே ஒளி, அதே முகத்தோடு தொடரும் இன்றைய குறும்படங்கள், புனுவல் கேலி செய்த பிழையை அறியாமல் செய்கின்றன.

ஒரே மேசை: 1941

1928ஆம் ஆண்டுக் குறும்படத்தின் ஒளிப்பதிவில் பங்கேற்ற கிரெக் டோலண்ட், பின்னர் ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ படத்திற்கு ஒளிப்பதிவு செய்தார். அப்படத்தில் கேனும் அவனது முதல் மனைவி எமிலியும் காலையுணவு மேசையில் அமர்ந்திருக்கும் தொடர், ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில் ஒரு திருமணத்தின் சிதைவைச் சொல்கிறது. இத்தொடரின் கருத்தைத் தார்ன்டன் வைல்டரின் ‘தி லாங் கிறிஸ்மஸ் டின்னர்’ (1931) நாடகத்திலிருந்து எடுத்ததாக வெல்ஸ் ஒப்புக்கொண்டுள்ளார். ஒரே உணவு மேசையில் தொண்ணூறு ஆண்டுகள் இடையறாது கடக்கும் ஓரங்க நாடகம் அது.

மேசை, காலைப்பொழுது, எதிரெதிர் இருவர் ஆகியவை இத்தொடரில் மாறாதவை. உடை, பேச்சின் தொனி, இருவருக்கும் இடையிலான நெருக்கம் ஆகியவை மாறுபவை. துண்டுகளுக்கிடையே ஒளிப்படக்கருவி விரைந்து திரும்புவது போன்ற மங்கல் வருகிறது. ஒவ்வொரு மங்கலும் இடைப்பட்ட காலம் கழிந்ததற்கான குறியாக மீண்டும் மீண்டும் ஒரே வடிவில் வருவதால், இரண்டாம் முறையிலேயே அதன் பொருள் பழகிவிடுகிறது. முதல் துண்டில் கொஞ்சிப் பேசும் இருவர் இறுதித் துண்டில் பேசுவதே இல்லை. கேன் தன் செய்தித்தாளைப் படிக்க, எமிலி அதன் போட்டி இதழைப் படிக்கிறாள். இத்துண்டுகளை இடம் மாற்றினால் கதையே மாறிவிடும். நெருக்கத்திலிருந்து மௌனத்திற்குச் செல்லும் படிநிலையே அவற்றின் வரிசையைக் காக்கிறது.

கரைக்குத் திரும்பும் மகள்: 2000

மைக்கேல் டுடோக் டெ விட் இயக்கிய ‘ஃபாதர் அண்ட் டாட்டர்’ (2000) ஏறத்தாழ எட்டு நிமிடம் ஓடும் உரையாடலற்ற இயங்குபடம். சிறந்த இயங்குபடக் குறும்படத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற இப்படம் ஒரு முழு வாழ்நாளை உள்ளடக்குகிறது. தந்தையும் சிறுமியான மகளும் மிதிவண்டியில் ஓர் உயர்ந்த கரைக்கு வருகின்றனர். தந்தை மகளைத் தழுவி விடைபெற்றுப் படகேறிச் செல்கிறார், திரும்பவில்லை. மகள் அக்கரைக்கு மீண்டும் மீண்டும் வந்து நீரை நோக்கி நிற்கிறாள்.

விடைபெறும் காட்சி மட்டும் அவசரமின்றி விரிவாகக் காட்டப்படுகிறது. பின்வரும் வருகைகள் சுருக்கமானவை. கரை, மிதிவண்டிப் பயணம், நின்று நோக்குதல் ஆகிய மூன்றையும் பார்வையாளர் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வதால், பின்னர் அவற்றுள் ஒன்றைக் கண்டாலும் மகளை அறிந்துகொள்கிறார். முகம் நுணுக்கமாக வரையப்படாத, பெரும்பாலும் தொலைவிலிருந்து காட்டப்படும் உருவங்களைக் கொண்ட இப்படத்தில் ஆளடையாளம் முகத்தால் அமையாமல் செயலால் அமைகிறது.

காலத்தை உணர்த்த இப்படம் இருவகை மாற்றங்களைக் கையாளுகிறது. ஒன்று காற்று, மழை, பனி எனப் பருவநிலை மாறுவது. மற்றொன்று மகளின் உடலும் உடன் வருவோரும் மாறுவது. முதலாவது சுழன்று வருவது. பனிக்காட்சி ஒன்றையும் கோடைக்காட்சி ஒன்றையும் இடம் மாற்றினால் பிழை தெரியாது. அவை ஓராண்டையோ பத்தாண்டையோ குறிக்கலாம். இரண்டாவது திரும்பாதது. தனியே வரும் சிறுமி, பின் தோழியரோடு வரும் இளம்பெண், பின் துணைவனோடும், பின் கணவன் பிள்ளைகளோடும் வருபவள், இறுதியில் தனித்த முதியவள் என்னும் வரிசையில் எதனையும் முன்பின்னாக்க இயலாது. பெரும்பொழுதுகள் ஆறும் ஆண்டுதோறும் மீள்வன; உலா இலக்கியம் கூறும் பேதை முதல் பேரிளம்பெண் வரையிலான ஏழு பருவங்கள் மீளாதன. இவ்வேறுபாடே இப்படத்தின் கால அமைப்பாகும். சுழலும் காலம் காத்திருப்பின் நீட்சியையும், மீளாக் காலம் அதன் அளவையும் தருகின்றன. 1928, 1929ஆம் ஆண்டுப் படங்களில் தனித்தனியே நின்றவை இங்கு ஒன்றிணைகின்றன.

முதியவளான மகள் தன் மிதிவண்டியை நிறுத்த முயல்கிறாள். அது விழுந்துகொண்டே இருக்கிறது. அதனை விட்டுவிட்டுக் கரையிறங்கி, நீர் வற்றிப் புல் முளைத்த நிலத்தில் நடக்கிறாள். அதுவரை மாறாதிருந்த இடம் இப்போதுதான் மாறுகிறது. அங்கே பாதி புதைந்த படகைக் கண்டு அதில் சுருண்டு படுக்கிறாள். பின்னர் எழுந்து ஓடும்போது படிப்படியாக இளமையடைந்து தந்தையைச் சேர்கிறாள். ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லும் இத்தொடரைத் தொடக்கத்தில் வைத்திருந்தால் எவருக்கும் விளங்கியிருக்காது. மீளாது என்று படம் முழுதும் பழக்கப்படுத்திய வரிசையே இங்கு மீள்வதால், அது எழுத்தின் துணையின்றி விளங்குகிறது. இவ்வுலகக் காலம் முடிந்துவிட்டது என்பதையும் அதுவே உணர்த்துகிறது.

முடிவுரை

மேற்கண்ட படங்கள் வழி மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஆளடையாளத்தைக் காக்கும் மாறாப் பொருளைக் குறும்படம் தன் முதற்காட்சியிலேயே போதிய நேரம் கொடுத்து நிறுவ வேண்டும். இரண்டாவது, பருவநிலை, நாட்காட்டி, எழுத்து அட்டை ஆகியவை மாந்தரிடம் நிகழும் மீளா மாற்றத்தின் துணையின்றிக் காலத்தை நிறுவ மாட்டா. மூன்றாவது, துண்டுகளை இடம் மாற்றிப் பார்ப்பதன் வழி குழப்பம் எழும் இடத்தைப் படத்தொகுப்பு மேசையிலேயே கண்டறியலாம்.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. அது வரிசையைச் சோதிக்குமேயன்றி, விடுபட்டவற்றைச் சோதிக்காது. தந்தை ஏன் சென்றார் என்பதை டுடோக் டெ விட்டின் படம் இறுதிவரை சொல்வதில்லை. காலத்தில் குழப்பமின்மையே அவ்விடைவெளியைத் தாங்கும் வலிமையை அப்படத்திற்கு அளிக்கிறது. எப்போது என்பதில் ஐயமற்ற பார்வையாளர்தான் ஏன் என்னும் வினாவோடு நிற்க முடியும்.