பாரதி–காந்தி சந்திப்பு: வரலாற்றுச் சோதனை

பாரதி–காந்தி சந்திப்பு என்பது, 1919ஆம் ஆண்டு சென்னை கதீட்ரல் சாலையில் இருந்த ஒரு வீட்டில் கவிஞர் சுப்பிரமணிய பாரதியும் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியும் சில நிமிடங்கள் நேரில் கண்டு பேசியதாக எழுத்தாளர் வ. ரா. என்னும் வ. ராமசாமி எழுதிவைத்த நிகழ்ச்சியைக் குறிக்கும். பள்ளிப் பாடங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் ஐயத்துக்கு இடமில்லாத செய்தியாகச் சொல்லப்பட்டு வரும் இந்நிகழ்ச்சி விரிவாக நமக்குக் கிடைப்பது ஒரே ஒருவரின் நினைவிலிருந்துதான் என்பதால், இருவர் சந்தித்ததாகச் சொல்லப்படும் கதையைப் பயணத் தேதிகளையும் நாட்குறிப்புகளையும் நேர்சாட்சிகளையும் கொண்டு சோதிக்கும் முறைக்கு, தமிழ்நாட்டு வரலாற்றில் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

வ. ரா.வின் விவரம் சுருக்கமாக இது. ரௌலட் சட்டத்துக்கு எதிரான சத்தியாக்கிரகத்தைத் தொடங்கும் நேரத்தில் காந்தி சென்னைக்கு வந்து ராஜாஜியின் வீட்டில் தங்கியிருந்தார். ராஜாஜி, சத்தியமூர்த்தி, ஏ. ரங்கசாமி அய்யங்கார் முதலியோர் அறையில் இருந்தனர். யாரையும் உள்ளே விடவேண்டாம் என்ற கட்டளையுடன் வ. ரா. வாசலில் காவல் நின்றார். பாரதி எவரையும் கேட்காமல் உள்ளே சென்று, திண்டில் சாய்ந்திருந்த காந்தியின் அருகில் அமர்ந்து, அன்று மாலை ஐந்தரை மணிக்குத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் தாம் பேசவிருக்கும் கூட்டத்துக்குத் தலைமை தாங்க இயலுமா என்று கேட்டார். காந்தி தம் செயலாளர் மகாதேவ தேசாயிடம் மாலை நிகழ்ச்சிகளை விசாரித்து, அன்று முடியாது, மறுநாளுக்குத் தள்ளிவைக்கலாமா என்றார். அது இயலாது என்று சொன்ன பாரதி, காந்தி தொடங்கவிருக்கும் இயக்கத்தை வாழ்த்திவிட்டு வெளியேறினார். வந்தவர் யார் என்று காந்தி கேட்க, தமிழ்நாட்டுக் கவி என்று ராஜாஜி விடை கூற, அவரைப் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டும் என்று காந்தி சொன்னதாகக் கதை முடிகிறது.

இத்தகைய கதையைச் சோதிக்கும்போது முதலில் கேட்கவேண்டியது, இருவரும் ஒரே ஊரில் ஒரே நேரத்தில் இருந்திருக்க முடியுமா என்பதாகும். அதற்கு விடையாகக் கிடைக்கும் நாள்களை ‘வாய்ப்புக் காலம்’ எனலாம். காந்தி 1915இலும் 1916இலும் சென்னைக்கு வந்தார். ஆனால் பாரதி 1908 முதல் 1918 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வாழ்ந்ததால் அந்த வருகைகள் கணக்கில் வாரா. புதுச்சேரியை விட்டு வெளியேறியதும் கடலூர் அருகே கைதான பாரதி டிசம்பரில் விடுதலையாகி, மனைவியின் ஊராகிய கடையத்துக்குச் சென்றார். காந்தி 1920 ஆகஸ்டில் சென்னைக்கு வந்தபோதும் பாரதி கடையத்திலேயே வாழ்ந்து வந்தார். அவர் மீண்டும் சென்னையில் குடியேறியது 1920இன் இறுதியில்தான். 1921 ஏப்ரலில் காந்தி சென்னை வந்தபோது இருவரும் ஒரே நகரில் இருந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் காந்தி மறுபடி வந்தபோதோ, பாரதி மறைந்து சில நாள்கள் ஆகியிருந்தன. எனவே ஆராயத் தக்கவையாக எஞ்சுபவை, கடையத்திலிருந்து பாரதி சென்னைக்கு வந்திருந்தால் பொருந்துவதாய் வ. ரா. குறிக்கும் 1919ஆம் ஆண்டு வருகையும், 1921 ஏப்ரல் வருகையும் மட்டுமே.

வ. ரா. தரும் காலம் 1919 பிப்ரவரி. இங்கேதான் கதை முதன்முதலாக இடறுகிறது. அவ்வாண்டு சனவரியில் பம்பாயில் மூல நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட காந்தி, பிப்ரவரி 24 அன்று சபர்மதி ஆசிரமத்தில் சத்தியாக்கிரக உறுதிமொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார். மார்ச் தொடக்கத்தில் தில்லிக்குச் சென்று வைசிராயைக் கண்டார். சென்னைக்கு அவர் வந்து சேர்ந்தது மார்ச் 18 அன்று. ஒருவர் குறித்த நாளில் வேறிடத்தில் இருந்தார் என்று காட்டி ஒரு கூற்றை மறுப்பதை ‘இருப்பிட மறுப்பு’ என்று சொன்னால், பிப்ரவரிச் சந்திப்பை அது முழுமையாக மறுத்துவிடுகிறது. தமிழ் மாதக் கணக்கில் நினைவு வைத்து ஆங்கில மாதமாக மாற்றியதால் வந்த பிழை என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. மார்ச் நடுவில் மாசி முடிந்து பங்குனி பிறந்துவிடுகிறது. ரௌலட் மசோதாக்கள் சட்டசபையில் வைக்கப்பட்டு நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்த மாதம் பிப்ரவரி என்பதால், பின்னாளில் நினைவுகூரும்போது இயக்கத்தின் தொடக்கமும் காந்தியின் வருகையும் ஒரே மாதத்தில் ஒட்டிக்கொண்டன என்று கருதுவதே பொருத்தமானது.

ஒரு சாட்சி மாதத்தைத் தவறாகச் சொன்னார் என்பதாலேயே அவர் கண்டதையும் தள்ளிவிடுவது நல்ல ஆய்வு ஆகாது. பல ஆண்டுகள் கழித்து எழுதுபவரிடம் முதலில் தேய்வது தேதி. இடமும், உடனிருந்தவர்களும், தாம் நின்ற நிலையும் அதைவிட நீண்ட நாள் தங்குகின்றன. எனவே அடுத்த படியாக, தேதியை ஒதுக்கிவிட்டு, கதையின் மற்ற கூறுகள் காந்தியின் உண்மையான 1919 வருகையோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கவேண்டும்.

காந்தி மார்ச் 18 முதல் சென்னையில் இருந்தார். 18, 20 ஆகிய நாள்களில் அவருடைய உரைகள் பதிவாகியுள்ளன. பின்னர் தெற்கே புறப்பட்டு 24 அன்று தஞ்சாவூரிலும் 25 அன்று திருச்சிராப்பள்ளியிலும் 26 அன்று மதுரையிலும் 28 அன்று தூத்துக்குடியிலும் 29 அன்று நாகப்பட்டினத்திலும் பேசினார். ஆகவே சென்னையில் அமைதியாக அமர்ந்து பலரோடு கலந்தாலோசிக்க அவருக்குக் கிடைத்தவை முதல் ஐந்தாறு நாள்களே. உறுதிமொழி உருவாகியிருந்தும் நாடு தழுவிய கடையடைப்பு இன்னும் அறிவிக்கப்படாத நாள்கள் அவை. அந்தக் கடையடைப்பைப் பற்றிய எண்ணமே சென்னையில் இருந்தபோது விடியற்காலைக் கனவுபோல் தமக்குத் தோன்றியது என்று காந்தி தம் சுயசரிதையில் எழுதுகிறார். ‘தொடங்கவிருக்கும் இயக்கம்’ என்ற பாரதியின் வாழ்த்து இந்நாள்களுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஒத்துழையாமை இயக்கம் நடந்துகொண்டிருந்த 1921 ஏப்ரலுக்குப் பொருந்தவில்லை.

வீட்டைப் பற்றிய செய்தி இதைவிட வலிமையானது. ‘இந்து’ நாளிதழின் கஸ்தூரி ரங்க அய்யங்காரின் விருந்தினராகத் தாம் இருப்பதாகவே முதலில் எண்ணியதாகவும், ஓரிரு நாள்கள் கழித்தே, சேலத்திலிருந்து சென்னைக்கு வந்து அந்த வீட்டில் குடியிருந்த ராஜாஜிதான் தம்மை உபசரிப்பவர் என்று மகாதேவ தேசாய் மூலம் தெரிந்துகொண்டதாகவும் காந்தியே குறிப்பிடுகிறார். வெளியார் எளிதில் குழம்பக்கூடிய இந்த விவரத்தை வ. ரா. ராஜாஜியின் வீடு என்று சரியாகச் சொல்கிறார். அவ்வாறே, நின்றுகொண்டு பேசவும் குரலை உயர்த்தவும் இயலாத அளவுக்கு அப்போது தாம் தளர்ந்திருந்ததாகக் காந்தி எழுதுவது, திண்டில் சாய்ந்திருந்தவரிடம் பாரதி சென்றார் என்ற காட்சியோடு ஒத்துப்போகிறது. ஒன்றை நிறுவும் நோக்கமின்றி இருவேறு நூல்களில் தனித்தனியே விழுந்த இத்தகைய சிறு பொருத்தங்கள், நேரடியாக ‘நான் கண்டேன்’ என்று சொல்லும் கூற்றைக் காட்டிலும் சில வேளைகளில் அதிக நம்பிக்கை தருகின்றன. ஆனாலும் சுயசரிதை வ. ரா. எழுதுவதற்கு முன்பே அச்சில் வந்துவிட்டது என்பதையும் உடன் சொல்லவேண்டும். அவர் அதைப் படித்திருக்கக் கூடும் என்ற வாய்ப்பு இப்பொருத்தங்களின் எடையைச் சற்றே குறைக்கிறது.

ஆவணங்களின் மௌனத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பது அடுத்த சிக்கல். காந்தியின் சுயசரிதையில் பாரதியின் பெயர் வரவில்லை. காந்தியைப் புகழ்ந்து பாரதி பாடிய ‘மகாத்மா காந்தி பஞ்சகம்’ என்ற பாடலிலும் நேரில் கண்டதற்கான சொல் எதுவுமில்லை. ஓர் ஆவணத்தின் மௌனம் சான்றாக வேண்டுமானால், அந்நிகழ்ச்சி நடந்திருந்தால் அந்த ஆவணம் அதைக் கட்டாயம் சொல்லியிருக்கும் என்று முதலில் காட்டவேண்டும். பெயர் தெரியாத ஒருவர் சில நிமிடங்கள் வந்துபோனதைக் காந்தி பல ஆண்டுகள் கழித்து எழுதிய நூலில் குறிக்காததில் வியப்பில்லை. பாரதியின் பக்கத்து மௌனம் அதைவிடக் கனமானது. எனினும், விடுதலைக்குப் பின் அவர்மீது போலீஸ் கண்காணிப்பு நீடித்ததை நினைவில் கொண்டால் அதுவும் மறுப்பாகிவிடாது.

சாட்சிகளைப் பொறுத்தவரை, வ. ரா. புதுச்சேரிக் காலம் முதல் பாரதியை நெருங்கி அறிந்தவராதலால் ஆள் அடையாளத்தில் அவர் தவறியிருக்க முடியாது. அவர் இதை 1930களில் இதழில் எழுதி, பின்னர் 1944இல் ‘மகாகவி பாரதியார்’ என்ற நூலாக வெளியிட்டார். அவர் பெயர் சொல்லும் மற்றவர்களில் ரங்கசாமி அய்யங்கார் 1934இலும் மகாதேவ தேசாய் 1942இலும் சத்தியமூர்த்தி 1943இலும் காலமாயினர். ராஜாஜி 1972 வரை வாழ்ந்தார். மறுக்கக்கூடியவர்கள் உயிரோடிருந்த காலத்தில், அவர்கள் புழங்கிய அதே நகரில், அவர்களுடைய பெயரையே சொல்லி வெளியான கதை என்பது வ. ரா.வுக்குச் சாதகமானது. அச்சில் வந்ததை அவர்கள் எல்லாரும் படித்து ஒப்பினார்கள் என்று அதற்குப் பொருளில்லை.

தேதிப் பொருத்தம் மட்டும் போதாது என்பதற்கு வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்று நல்ல எச்சரிக்கை. ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி 1862இல் லண்டனில் சார்லஸ் டிக்கன்ஸைச் சந்தித்து அவருடைய மனத்தின் இருவேறு இயல்புகளைப் பற்றிப் பேசியதாக 2002இல் வெளியான ஒரு கட்டுரை சொல்லிற்று. 1862இல் தஸ்தயேவ்ஸ்கி லண்டனில் இருந்தது உண்மையாதலால் பெயர்பெற்ற வாழ்க்கை வரலாற்று நூல்களும் அதை ஏற்றுக்கொண்டன. சான்றாகக் காட்டப்பட்ட கடிதத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை என்பதை எரிக் நைமன் என்ற அறிஞர் 2013இல் வெளிப்படுத்திய பின்னரே அது புனைவு என்று தெளிவாயிற்று. வ. ரா.வின் கதை அவ்வகையைச் சேர்ந்தது அன்று. சொன்னவர் யார், எங்கே நின்றார், யாரோடு இருந்தார் என்பன யாவும் அதில் வெளிப்படையாக உள்ளன.

உறுதியாக நிறுவப்பட்ட சந்திப்பு எப்படி இருக்கும் என்பதற்கு, உ. வே. சாமிநாதையரைக் காந்தி கண்டதை ஒப்பிடலாம். 1937 மார்ச்சில் சென்னையில் கூடிய பாரதீய சாகித்திய பரிஷத்துக்குக் காந்தி தலைமை தாங்கினார். வரவேற்புரை நிகழ்த்தியவர் உ. வே. சா. நாளும் அவையும் உரைகளும் அப்போதே பதிவாகின. நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே எழுதப்படும் இத்தகைய ‘உடன்காலச் சான்று’ பாரதி–காந்தி சந்திப்புக்கு வாய்க்காததே எல்லா ஐயங்களுக்கும் வேர்.

மேற்கண்டவற்றை எடைபோட்டால், கதையின் பகுதிகளை வெவ்வேறு அளவில் நம்பவேண்டியிருக்கிறது. சந்திப்பு நடந்தது என்பது மிகவும் நம்பத் தக்கது; இடம் கதீட்ரல் சாலை வீடு என்பதும் அவ்வாறே. உரையாடலின் போக்கை ஏற்கலாம், ஆனால் சொல்லுக்குச் சொல் பதிவாகக் கொள்ளக்கூடாது. பாரதியைப் பாதுகாக்க வேண்டும் என்று காந்தி சொன்னதாக வரும் முடிவுரையை மிகுந்த எச்சரிக்கையோடு அணுகவேண்டும். வறுமையில் இளவயதிலேயே கவிஞரை இழந்த துயரத்தோடு பின்னாளில் எழுதிய நண்பரின் நினைவில், அந்த ஒரு வாக்கியம் வலுப்பெற்றிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. நூல்களிலும் கல்வெட்டுகளிலும் இதைக் குறிப்பவர்கள், ‘1919 பிப்ரவரி’ என்பதை விலக்கி, ‘1919 மார்ச் 18க்கும் 23க்கும் இடையில், வ. ரா.வின் கூற்றுப்படி’ என்று எழுதுவதே சரியாகும்.