ஐந்து பேரின் எண்பது விழுக்காடு

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டியிருக்கவில்லை. ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டக் குடும்பங்கள் பிழைப்புத் தேடிப் பட்டணத்துக்குப் போனபின், பள்ளி மட்டும் அங்கேயே நின்றது. கல்வி அமைச்சு 150 மாணவருக்கும் குறைவாக உள்ள பள்ளியைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்துகிறது. ஆறு ஆண்டு வகுப்புகளுக்கு அந்த 150-ஐப் பகிர்ந்தாலும் வகுப்புக்கு 25 பேருக்குமேல் வராது. இதைவிட மிகச் சிறிய பள்ளிகளில் ஆறாம் ஆண்டில் ஐந்தாறு பேர் மட்டுமே இருப்பார்கள். அந்த ஐந்தாறு பேரைத்தான் நாம் விழுக்காட்டில் பேசுகிறோம்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் கைவிடப்பட்டது. அதனால் விழுக்காடு ஒழிந்துவிடவில்லை. வகுப்பறை மதிப்பீட்டில் மாணவர் ஒவ்வொருவருக்கும் 1 முதல் 6 வரை அடைவுநிலை தரப்படுகிறது. மூன்றாம் நிலையும் அதற்கு மேலும் எட்டியவர் இத்தனை விழுக்காடு என்று பதிவேடு சொல்கிறது. முன்பு ஆண்டுக்கு ஒருமுறை வந்த எண், இப்போது ஆசிரியர் பதிவைத் திருத்தும்போதெல்லாம் புதுப்பிக்கப்படுகிறது.

பெயர் சொல்லாமல் ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். ஆறாம் ஆண்டில் ஐந்து பேர், கணிதத்தில் மூன்றாம் நிலையை எட்டியவர் நால்வர். அட்டவணை 80% என்கிறது. எட்டாத அந்த ஒரு மாணவனின் குடும்பம் ஜூன் மாதத்தில் பட்டணத்துக்குக் குடிபெயர்கிறது. பதிவு புதுப்பிக்கப்பட்டதும் 100%. அவனுக்குப் பதில், எட்டிய மாணவி ஒருத்தி போயிருந்தால் 75%. எந்த வகுப்பிலும் எதுவும் கூடுதலாகக் கற்பிக்கப்படவில்லை. ஒரு லாரி வந்து சாமான்களை ஏற்றிப்போனது, அவ்வளவே. அந்த எண்ணைப் பார்ப்பவரோ பள்ளி முன்னேறிவிட்டது அல்லது சறுக்கிவிட்டது என்று படிக்கிறார்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. "ஐந்து பேரையும் எண்ணியாயிற்று. இது மாதிரி எடுத்த கணக்கெடுப்பு அல்லவே, பிழை எங்கிருந்து வரும்?" என்பது அது. அந்த ஐந்து பேரைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொண்டால் இதில் பிழையே இல்லை. ஆனால் யாரும் அந்த எண்ணை அப்படிப் பயன்படுத்துவதில்லை. பள்ளியைப் பற்றிய, ஆசிரியரைப் பற்றிய, அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பற்றிய தீர்ப்பாகவே அது பயன்படுகிறது. அத்தகைய தீர்ப்புக்கு ஐந்து பேர் என்பது ஒரு கைப்பிடி அள்ளியது போலத்தான். எனவே எச்சரிக்கை எண்ணைப் பற்றியதன்று; எண்ணிலிருந்து நாம் செய்யும் தாவலைப் பற்றியது.

அந்தத் தாவல் எவ்வளவு நீளம் என்று கணக்கிடலாம். 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளியை வில்சன் முறையில் கண்டால், ஐந்தில் நால்வர் என்பது ஏறத்தாழ 38 முதல் 96 வரை நீள்கிறது. நூற்றில் எண்பது பேர் என்றால் 71 முதல் 87 வரை. இரண்டையும் அட்டவணை ஒரே தடித்த எழுத்தில் 80% என்றே காட்டுகிறது.

இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம். ஒவ்வொரு மாணவருக்கும் தேறும் வாய்ப்பு சரியாக 80% உள்ள பள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும், ஐவர் படிக்கும் பள்ளிகளில் மூன்றில் ஒன்று 100% காட்டும்; நான்கில் ஒன்று 60 அல்லது அதற்கும் கீழே போகும். ஐம்பது பேர் படிக்கும் பள்ளி 100% காட்டுவது நடைமுறையில் நிகழவே நிகழாது. ஆகவே தரவரிசைப் பட்டியலின் உச்சியிலும் அடியிலும் தோட்டப் பள்ளிகளே நெருக்கி நிற்கும். உச்சிக்கு மாலை, அடிக்கு விளக்கக் கடிதம்! அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றி இதே செய்தியை ஹோவர்ட் வெய்னர் 2007-இல் எழுதினார். சிறிய பள்ளிகள் முதலிடங்களில் மிகுந்திருப்பதைக் கண்டு, சிறுமையே சிறப்பு என்று பெரும் பணம் செலவிட்டவர்கள், அதே பள்ளிகள் கடைசி இடங்களிலும் மிகுந்திருப்பதைப் பார்க்கத் தவறினர் என்பது அவர் காட்டியது.

இந்தியாவில் தேசியக் குடும்பநல ஆய்வு இதற்கு ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு மாவட்ட அறிக்கைகளைப் புரட்டியவர்கள் கண்டிருப்பார்கள்: 25 முதல் 49 பேரை மட்டும் கொண்டு கண்ட விழுக்காடு அடைப்புக்குறிக்குள் வரும், 25-க்கும் குறைந்தால் எண்ணே இராது, உடுக்குறி மட்டும் இருக்கும். மாதிரி ஆய்வுக்கு அது சரி. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சிறிய தோட்டப் பள்ளிகளின் வரிசை முழுக்க உடுக்குறியாகிவிடும். அப்படிப்பட்ட பள்ளி பதிவேட்டில் இல்லாத பள்ளி. ஒதுக்கீடு கேட்கப்போகும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கையில் எதுவும் இராது. இங்கே மறைப்பதைவிட எச்சரிப்பதே நியாயம் என்பது என் கருத்து. ஒரு விதிவிலக்கு உண்டு. ஊரார் பார்க்கும் பட்டியலில் ஐவரில் நால்வர் தேறினர் என்றால், தேறாதவன் யார் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். அங்கே மறைக்கத்தான் வேண்டும். ஆனால் அது பிள்ளையின் மானத்தைக் காப்பதற்காக. எண் நம்பத்தகாதது என்பதற்காக அன்று. இரண்டு காரணங்களையும் ஒரே குறியால் காட்டக்கூடாது.

எச்சரிக்கையை எங்கே வைப்பது? அடிக்குறிப்பில் வைத்தால், அட்டவணையின் ஒரு வரியை மட்டும் படமெடுத்துப் புலனத்தில் அனுப்பும்போது அடிக்குறிப்பு கூடவே வராது. கையால் தட்டச்சு செய்து வைத்தால், எண் புதுப்பிக்கப்பட்டபின் பழைய எச்சரிக்கை புதிய எண்ணின் பக்கத்தில் நிற்கும். எனவே எச்சரிக்கை அதே கட்டத்துக்குள், அதே பகுதி எண்ணிலிருந்து பிறக்க வேண்டும். B நிரலில் மதிப்பிடப்பட்டவர், C நிரலில் எட்டியவர் என்று கொண்டு, கட்டத்துக்கு விழுக்காட்டு வடிவம் தந்துவிட்டால் எக்செலில் இது ஒரே வரி:

```
=IF(B2=0,"",IF(B2<25,B2&"-இல் "&C2,IF(B2<50,"("&TEXT(C2/B2,"0%")&")",C2/B2)))
```

B நிரலில் பதிவுபெற்ற மாணவர் தொகையை இட்டுவிடக்கூடாது. உண்மையில் மதிப்பிடப்பட்டவர் தொகைதான் வேண்டும். 4/5 என்று எழுதலாமே என்று தோன்றும். ஆனால் அந்த எண்ணை வேறொரு தாளில் தட்டினால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். '5-இல் 4' என்பதற்கு அந்த ஆபத்து இல்லை. அது சொல்லாக இருப்பதால் விழுக்காடுகளோடு சேர்த்து வரிசைப்படுத்தவோ சராசரி காணவோ வராது. இதைக் குறையாகச் சிலர் சொல்வார்கள். நான் பயனாகவே கருதுகிறேன். மாவட்டச் சராசரி வேண்டுமானால் தலைகளைக் கூட்டி வகுக்க வேண்டும். ஐவரில் இருவர் தேறிய பள்ளி 40%, தொண்ணூற்றைவரில் 76 பேர் தேறிய பள்ளி 80%. விழுக்காடுகளைச் சராசரி எடுத்தால் 60. பிள்ளைகளை எண்ணினால் நூற்றில் 78.

மூன்று ஆண்டுகளைச் சேர்த்துக் காட்டுவது அடுத்த வழி. 5-இல் 4, 6-இல் 5, 4-இல் 3 என்றால் மொத்தம் 15-இல் 12. இடைவெளி 55 முதல் 93 வரையாகச் சுருங்குகிறது. போதாதுதான், ஆனாலும் ஓராண்டு எண்ணைவிட மேல். நடுவில் ஆசிரியர் மாறியிருந்தால் அந்த மாற்றம் இதில் கரைந்துபோகும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆண்டுக் கூட்டத்துக்கு அறிக்கை எழுதும் தலைமையாசிரியர்கள் ஒன்று செய்யலாம். இருபத்தைந்துக்குக் குறைந்த வகுப்புக்கு விழுக்காட்டை விட்டுவிட்டு, '5-இல் 4' என்றே எழுதட்டும்.