ஏட்டு மதிப்பும் வரி மதிப்பும்

ஒரு நிறுவனம் தன் சொத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் காட்டும் தொகை ஏட்டு மதிப்பு. அதே சொத்தில் வருமான வரிக்காக இன்னும் தேய்மானமாகக் கழிக்க மிச்சமிருக்கும் தொகை வரி மதிப்பு. வாங்கும் நாளில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றே. பிறகு இரண்டும் இரண்டு சட்டங்களின்படி குறைகின்றன.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பொதுவான இயந்திரத்துக்கு 15 ஆண்டு ஆயுள் தருகிறது. எஞ்சும் மதிப்பாக 5 சதவீதம் வைப்பது வழக்கம். வருமான வரிச் சட்டம் ஆயுளைக் கேட்பதேயில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் உள்ள மிச்சத்தில் 15 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறது. முன்னது இயந்திரம் எவ்வளவு காலம் உழைக்கும் என்ற மதிப்பீடு. பின்னது அரசு தரும் சலுகையின் வேகம்.

ஏப்ரலில் 10,00,000 ரூபாய்க்கு ஓர் இயந்திரம் வாங்கியதாகக் கொள்வோம். சமத் தவணை முறையில் ஏட்டில் ஆண்டுக்குச் சுமார் 63,333 ரூபாய் குறையும். வரிக் கணக்கில் முதல் ஆண்டே 1,50,000 போய்விடும். அடுத்த ஆண்டு 1,27,500. ஆறாம் ஆண்டு முடிவில் ஏட்டு மதிப்பு 6,20,000, வரி மதிப்பு ஏறக்குறைய 3,77,150. இடைவெளி உச்சத்தில் இருப்பது அப்போதுதான். ஏழாம் ஆண்டிலிருந்து வரித் தேய்மானம் ஏட்டுத் தேய்மானத்தைவிடச் சிறிதாகி, இடைவெளி மெல்லச் சுருங்குகிறது. முன்பு மிச்சப்பட்ட வரியை இனி கட்டியாக வேண்டும். அதனால்தான் 25.168 சதவீத வரி கட்டும் நிறுவனம், ஆறாம் ஆண்டு இடைவெளியான 2,42,850 ரூபாய்க்குச் சுமார் 61,000 ரூபாயை ‘ஒத்திவைத்த வரி’ என்று பொறுப்புப் பக்கத்தில் எழுதுகிறது.

விற்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். ஏழாம் ஆண்டுத் தொடக்கத்தில் இயந்திரம் 5,00,000 ரூபாய்க்குப் போனால் ஏட்டில் 1,20,000 நட்டம். வரிக்கு அந்த நட்டம் செல்லாது. வருமானத்தைக் கணக்கிடும்போது அதைத் திரும்பக் கூட்ட வேண்டும். கூட்ட மறந்தால் வருமானம் அந்த அளவு குறைந்து தெரியும். லாப நட்டக் கணக்கின் ‘சொத்து விற்பனை நட்டம்’ என்ற பதிவை வரிக் கணக்கீட்டுத் தாளோடு ஒப்பிட்டாலே பிழை புலப்படும்.

வரிச் சட்டத்தின் பார்வையில் அந்த இயந்திரம் தனியாக இல்லவே இல்லை. ஒரே விகிதமுள்ள இயந்திரங்களெல்லாம் ஒரு தொகுதி. 3,77,150 என்பதும் நாம் பிரித்துப் பார்த்த பங்குதான். விற்ற 5,00,000 தொகுதியின் மொத்தத்திலிருந்து கழியும். உடனே வரி வராது, இனி கிடைக்கும் தேய்மானம் குறையும். மாறாக, இயந்திரம் பழைய இரும்பாக 1,00,000 ரூபாய்க்குப் போயிருந்தால், மீதி 2,77,150 தொகுதியிலேயே தங்கி, இல்லாத இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் தந்துகொண்டிருக்கும். தொகுதியின் மதிப்பை விற்ற தொகை மிஞ்சினால், மிஞ்சியது குறுகிய கால மூலதன ஆதாயம். கடைசி இயந்திரமும் போய்த் தொகுதியில் தொகை மிஞ்சினால், அது குறுகிய கால மூலதன நட்டம்.