நிழல் சாட்சி சொன்ன கதை: ஒரு வீடியோ எங்கே, எப்போது எடுக்கப்பட்டது?

2018 ஜூலை மாதம் ஒரு வீடியோ உலகமெங்கும் கை மாறியது. சீருடை அணிந்த சிலர் இரண்டு பெண்களை ஒரு மண்பாதையில் நடத்திக்கொண்டு போகிறார்கள். ஒரு பெண்ணுடன் சிறுமி ஒருத்தி நடக்கிறாள். மற்றவரின் முதுகில் கைக்குழந்தை. பாதையின் முடிவில் கண்களைக் கட்டி நால்வரையும் சுட்டுக் கொல்கிறார்கள்.

இது ஆப்பிரிக்காவின் கமரூனில், அந்நாட்டு இராணுவம் செய்தது என்று ஒரு சாரார் சொன்னார்கள். இல்லை, மாலியில் நடந்தது என்றார்கள் வேறு சிலர். கமரூனின் தகவல் அமைச்சராக இருந்த இஸ்ஸா சிரோமா பக்காரி இதைப் பொய்ச் செய்தி என்று ஒதுக்கினார்.

நமக்கும் இது பழக்கப்பட்ட வாதம்தான். 2009 ஆகஸ்டில் சேனல் 4 ஒளிபரப்பிய காட்சியை அப்போதைய நம் அரசாங்கம் போலி என்றது. 2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், மூன்று நிபுணர்கள் அதை ஆராய்ந்ததாகவும் அது உண்மையானதாகவே தெரிகிறது என்று முடிவு செய்ததாகவும் அறிவித்தார். ஆனால் "காட்சி உண்மையா?" என்பது ஒரு கேள்வி. "எந்த இடம், எந்த நாள்?" என்பது வேறு கேள்வி. வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு நான் இரண்டாவது கேள்வியைத்தான் விளங்கப்படுத்த விரும்புகிறேன். அதற்குக் கமரூன் வீடியோவைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. அதைத் துருவிப் பார்த்தவர்கள் பிபிசியின் 'ஆப்பிரிக்கா ஐ' குழுவினர்.

பொதுவாக முதலில் தேடுவது கடைப் பலகையை. நம் ஊரில் ஒரு பலகையில் 023 என்று தொடங்கும் தொலைபேசி எண் இருந்தால் மன்னார்ப் பக்கம் என்று ஊகிக்கலாம். அந்த எண் ஒரு லொறியின் கதவில் இருந்தால் கவனம், லொறி எங்கும் போகும். கமரூன் வீடியோவிலோ பலகையே இல்லை. சத்தம் இருந்தது. படையினர் பிரெஞ்சு பேசினார்கள், அந்தப் பெண்களை பொக்கோ ஹராம் ஆட்கள் என்று குற்றம் சாட்டினார்கள். ஆனால் மாலியிலும் பிரெஞ்சு பேசுவார்கள். ஆகவே சத்தம் மட்டும் வழக்கைத் தீர்க்கவில்லை. நம் தெருவில் பாண் ஓட்டோவின் பாட்டு கேட்டால் அது இலங்கை என்று சொல்லலாம், நானாட்டானா கண்டியா என்று சொல்ல முடியாது. அதுபோலத்தான்.

மிஞ்சியது மலை. வீடியோவின் முதல் நாற்பது விநாடிகளில் பின்னணியில் ஒரு மலைத்தொடர் தெரிகிறது. மலையின் மேல்விளிம்பு எங்கே உயர்கிறது, எங்கே பள்ளமாகிறது என்பது ஒருவருடைய கைரேகை மாதிரி. குழுவினர் அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு கமரூனின் வடபகுதியைக் கூகுள் எர்த்தில் தேடினார்கள். பல மணிநேரம் தேடியும் பொருந்தவில்லை. பிறகு ஒரு கமரூன்காரரிடமிருந்து துப்பு வந்தது: நைஜீரிய எல்லைக்கு அருகில் செலெவெட் என்ற ஊர்ப்பக்கம் பாருங்கள். அங்கே மலைக்கோடு பொருந்தியது. ஒரு மலை பொருந்தினால் போதாது என்பதால் பாதை, கட்டடங்கள், மரங்கள் எல்லாவற்றையும் செய்மதிப் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். அவையும் இருந்த இடத்திலேயே இருந்தன. இடம் முடிவானது.

அடுத்தது நாள். வீடியோவில் தெரியும் ஒரு மதிற்சுவர் 2014 நவம்பர் செய்மதிப் படத்தில் இல்லை. வேறொரு கட்டடம் 2016 பெப்ரவரிக்குள் இடிக்கப்பட்டுவிட்டது. ஆகவே சம்பவம் இந்த இரண்டுக்கும் இடையில். அந்த மண்பாதையோ வெயில் காலமான ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் கண்ணுக்குத் தெரிகிறது. அப்படியானால் பெரும்பாலும் 2015இன் தொடக்க மாதங்கள். ஆனாலும் 2016 ஜனவரி என்று ஒருவர் வாதிட இடமுண்டு.

இங்கேதான் நிழல் வருகிறது. அஸர் நேரத்தை நிழலின் நீளத்தால் கணிப்பது நமக்குப் புதிதல்ல. அதே கணக்குத்தான். 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தை நிமிர்த்தி வையுங்கள். நிழலும் 30 சென்ரிமீற்றர் என்றால் சூரியன் அடிவானத்திலிருந்து 45 பாகை உயரத்தில் நிற்கிறது. நிழல் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் என்றால் 60 பாகை. வீடியோவில் நடக்கும் படையினர்தான் அந்த அடிமட்டம். இடம் ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் பாதை எந்தத் திசையில் போகிறது என்பதும் தெரியும். அதை வைத்து நிழல் விழும் திசையை அறியலாம். உயரமும் திசையும் கிடைத்துவிட்டால், அந்த ஊரில் சூரியன் அப்படி நிற்பது எந்த நாட்களில் என்று கணக்கிடலாம். விடை: 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடையில்.

இந்தக் கணக்கு ஏன் ஒரே நாளைச் சொல்லவில்லை? மார்ச் கடைசியில் சூரியனின் பாதை நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.4 பாகை வடக்கே நகர்கிறது. 16 நாட்களில் சுமார் 6 பாகை. மேடுபள்ளமான தரையில், அசையும் கைப்பேசிப் படத்தில், நிழலை அதைவிட நுணுக்கமாக அளப்பது கடினம். இதே வீடியோ ஜூன் மாதத்தில் எடுக்கப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஜூன் 21ஐ ஒட்டி ஒரு மாதம் முழுக்கச் சூரியன் ஒரு பாகைகூட நகர்வதில்லை, நிழலால் நாளைப் பிரிக்கவே முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சூரியன் வடக்கே போகும்போது கடக்கும் பாதையைத் திரும்பி வரும்போதும் கடக்கும். நம் தலைக்கு நேரே அது ஏப்ரல் நடுப்பகுதியில் ஒரு தடவை, ஓகஸ்ட் கடைசியில் ஒரு தடவை வருவது அதனால்தான். மார்ச் 20 முதல் ஏப்ரல் 5 வரை விழும் நிழல், செப்டெம்பர் 7 முதல் 23 வரையிலும் அப்படியே விழும். நிழலுக்கு இந்த இரண்டும் ஒன்றுதான். செப்டெம்பரை வெட்டியது வெயில் காலத்தில் மட்டும் தெரியும் அந்த மண்பாதை. 2016 ஜனவரியை வெட்டியது நிழல். ஒன்றால் முடியாததை மற்றது செய்தது.

2018 செப்டெம்பரில் பிபிசி இதை வெளியிட்டது. அதற்கு முந்தைய மாதமே அரசாங்கம் ஏழு படையினரைக் கைது செய்ததாக அறிவித்திருந்தது. 2020 செப்டெம்பரில் யவுண்டே இராணுவ நீதிமன்றம் நால்வருக்குப் பத்து ஆண்டுகளும், படம் பிடித்தவருக்கு இரண்டு ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதித்தது. இருவர் விடுவிக்கப்பட்டனர். நான்கு உயிர்களுக்கு அது போதுமா என்பது வேறு விஷயம். "அது எங்கள் நாடே அல்ல" என்ற பேச்சு மட்டும் அதன்பின் எடுபடவில்லை.

நானாட்டானில் மலை இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வயல், பனை, கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால்கள். அடிவானம் ஒரே நேர்கோடு. இங்கே ஒரு வீடியோவுக்கு அடையாளம் தரக்கூடியது தேவாலயக் கோபுரம், பள்ளிவாசல் மினாரா, குளக்கட்டின் வளைவு, தண்ணீர்த் தாங்கி போன்றவை. பின்னணியில் லுஹர் பாங்கு கேட்டால் நேரம் தெரியும், ஊர் தெரியாது. ஆகவே கண்முன் நடப்பதைப் படம் பிடிக்க நேர்ந்தால், பாதுகாப்பாக முடியுமானால், கைப்பேசியை ஒரு சுற்றுச் சுற்றி நிரந்தரமான ஒரு பொருளையும் தரையில் விழும் ஒரு முழு நிழலையும் சேர்த்துப் பிடியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். அனுப்பும்போது படம் சுருங்கி மங்கிவிடும், கோப்பில் பதிவான நேரமும் இடமும் கழன்றுவிடும். பத்து வருடம் கழித்து ஒருவர் "இது இங்கே நடக்கவே இல்லை" என்று சொல்லும்போது தேவைப்படுவது அந்த மூலக் கோப்புத்தான்.