ரோல்பேக், ஃபீச்சர் ஃப்ளாக், ஹாட்ஃபிக்ஸ்: அவசரத் தெரிவு

புதிய வெளியீடு பழுதானால் பழைய பதிப்புக்குத் திரும்புவது ரோல்பேக். புதிய வசதியை மட்டும் அணைக்க உதவுவது ஃபீச்சர் ஃப்ளாக். திருத்திய நிரலை உடனே ஏற்றுவது ஹாட்ஃபிக்ஸ். நேரமில்லாதபோது ரோல்பேக்கே பொதுவாக முதல் தெரிவு. ஆனால் பழைய நிரல் இப்போது வரும் தரவோடு ஒத்துப்போக வேண்டும்.

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் பங்கு வர்த்தக நிறுவனத்தில், 8 சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. புதிய வசதிக்கு மறுபடி பயன்படுத்திய ஒரு பழைய ஃப்ளாக், அந்தச் சர்வரில் கைவிடப்பட்டுக் கிடந்த ‘பவர் பெக்’ நிரலை எழுப்பியது. ஆர்டர்கள் ஓயாமல் பறந்தன. காரணம் பிடிபடாத ஊழியர்கள் மற்ற ஏழிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். உள்ளே வந்த ஆர்டர்களில் அதே ஃப்ளாக் இருந்ததால் அந்த ஏழு சர்வர்களிலும் பவர் பெக் ஓடியது. சுமார் 45 நிமிட வர்த்தகத்தின் இழப்பு 46 கோடி டாலரைத் தாண்டியது. பழுது எந்தச் சர்வரில் என்று தெரியாத அந்த நிலையில், ஆர்டர் வரத்தையே முதலில் நிறுத்தியிருக்க வேண்டும்.